மாற்று உப்பு பற்றி ஒரு டாக்டர் வீடியோ போடுவதற்கு முன்: யூடியூப் விதியும், அது தொடாத இடமும்

கேள்வி: நான் பொது மருத்துவர், யூடியூபில் சேனல் வைத்திருக்கிறேன். "பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்ற பொய்யை மறுத்து ஒரு ஷார்ட்ஸ் போட்டேன். அதை நீக்கிவிட்டு எனக்கே எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள்! அடுத்து பிபி உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பற்றி வீடியோ எடுக்கப் போகிறேன். விதி உண்மையில் என்ன சொல்கிறது? எப்படிச் சொன்னால் எனக்கும் சிக்கல் இல்லாமல், பார்ப்பவருக்கும் கெடுதல் இல்லாமல் இருக்கும்?

பதில்:

டாக்டர், முதலில் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிடலாம். அது ஏன் வந்தது என்று பிடிபட்டால் உப்பு வீடியோவில் பாதி வேலை முடிந்துவிடும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிரச்சினைதான்.

யூடியூப் 2023 ஆகஸ்டில் தன் மருத்துவ விதிகளை மூன்று பெட்டிகளில் அடுக்கியது. நோயைத் தடுக்கும் வழிகள் பற்றிய தவறான தகவல், சிகிச்சை பற்றிய தவறான தகவல், ஒரு நோயே இல்லை என்று மறுக்கும் தகவல். அந்தந்த நாட்டு சுகாதார அமைப்போ உலக சுகாதார நிறுவனமோ சொல்வதற்கு நேர் எதிராக இருந்து, அதை நம்பி நடப்பவருக்குப் பெரிய தீங்கு நேரலாம் என்றால்தான் வீடியோ நீக்கப்படும். மருத்துவத்தில் தப்பாகச் சொல்லும் எல்லாவற்றையும் அவர்கள் நீக்குவதில்லை, நீக்கவும் முடியாது. இன்னொரு விஷயம், அந்த 2023 அறிவிப்பில் எதை நீக்குவோம் என்பதற்கு அவர்களே தந்த உதாரணங்கள் இரண்டு: ஒன்று "பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும்", மற்றது "கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பதில் வைட்டமின் சி எடுங்கள்". ஆக, நீங்கள் மறுப்பதற்காக எடுத்த வாக்கியம் அவர்கள் பட்டியலில் முதலில் நிற்கும் வாக்கியம்.

மறுப்பதற்கு அனுமதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கல்வி, ஆவணம், அறிவியல், கலை என்ற நோக்கத்தில் தவறான கூற்றை எடுத்துக் காட்டினால் விலக்கு உண்டு. ஆனால் அந்த நோக்கம் வீடியோவின் படத்திலோ ஒலியிலோ தெரிய வேண்டும். தலைப்பிலோ டிஸ்கிரிப்ஷனிலோ மட்டும் எழுதி வைத்தால் போதாமல் போகலாம் என்று விதியிலேயே இருக்கிறது. நிறையப் பேர் படிக்காமல் தாண்டும் வரி இதுதான். உங்கள் ஷார்ட்ஸை நான் பார்க்கவில்லை, ஆனால் இந்த மாதிரி நீக்கப்படுபவை பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும்: முதல் இருபது வினாடி வேறொருவருடைய கிளிப் அப்படியே ஓடும், மேலே பெரிய எழுத்தில் அந்தப் பொய் இருக்கும், கடைசியில் டாக்டர் வந்து தலையை ஆட்டி "இதெல்லாம் நம்பாதீங்க, முழு விளக்கம் கீழே லிங்க்ல" என்பார். மறுப்பு எங்கே இருக்கிறது? வீடியோவுக்கு வெளியே இருக்கிறது. பார்ப்பவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், முதல் பத்து வினாடியில் விரலால் தள்ளிவிட்டுப் போனவர் மனதில் பொய் மட்டும்தான் தங்கும். அதனால் இதை வெறும் இயந்திரத்தின் முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

மேல்முறையீடு செய்யுங்கள், யூடியூப் ஸ்டுடியோவிலேயே வசதி இருக்கிறது. "நான் மருத்துவர், நல்ல நோக்கத்தில் போட்டேன்" என்று எழுதிப் பயனில்லை. எந்த வினாடியில் எந்தச் சொற்களில் அந்தக் கூற்றை மறுக்கிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அப்படிக் குறிப்பிட ஒரு வினாடிகூடக் கிடைக்கவில்லை என்றால் முறையீட்டை விட்டுவிட்டு புதிதாக எடுப்பது மேல். முதல் தடவை வருவது பெரும்பாலும் வெறும் எச்சரிக்கைதான். அவர்கள் தரும் சின்னப் பயிற்சியை முடித்து, 90 நாட்களுக்குள் அதே விதியை மறுபடி மீறாமல் இருந்தால் அது காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் ஸ்ட்ரைக்: முதலாவதற்கு ஒரு வாரம் எதுவும் பதிவேற்ற முடியாது, 90 நாட்களுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம், மூன்றாவது வந்தால் சேனலே போய்விடும். வீடியோவை நீங்களாக அழித்தால் ஸ்ட்ரைக் அழியாது. நீக்கப்பட்டதைப் பெயர் மாற்றி மறுபடி ஏற்றாதீர்கள்.

புதிதாக எடுக்கும்போது வரிசையைத் திருப்பிவிடுங்கள். முதல் வாக்கியத்திலேயே "பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தாது, அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் குணமாகக்கூடிய கட்டியும் முற்றிவிடும்" என்று உங்கள் குரலில் வரட்டும். பிறர் கிளிப் வேண்டுமானால் அதற்கு அப்புறம் வரட்டும், அது ஓடும் நேரம் முழுக்க "தவறான தகவல்" என்ற பட்டை அதன் மேலேயே இருக்கட்டும். தம்ப்நெயிலில் பொய்யை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கேள்விக்குறியை யாரும் படிப்பதில்லை.

நீக்கம் தவிர வேறு இரண்டு அடுக்குகள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். விளம்பரத்துக்கு ஏற்றதா என்பது தனி விதி. வீடியோ அப்படியே இருக்கும், ஆனால் வருமானத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி விழும். அப்புறம், சில நாடுகளில் உரிமம் பெற்ற மருத்துவர்கள் விண்ணப்பித்து, வீடியோவுக்குக் கீழே "இவர் உரிமம் பெற்ற மருத்துவர்" என்று சொல்லும் பேனலை வாங்கலாம். அந்தப் பேனல் உங்கள் உரிமத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது, நீங்கள் வீடியோவில் சொன்னதை யாரும் சரிபார்த்ததாக அதற்கு அர்த்தமில்லை. பார்ப்பவர் மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார், பேனல் கிடைத்த பின் உங்கள் சுமை கூடுகிறதே தவிர குறைவதில்லை.

சரி, உப்புக்கு வருவோம். இந்தத் தலைப்பில் யூடியூப் விதி உங்களைத் தொடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் மாற்று உப்பை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆனால் ஆளுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு பூண்டு வீடியோவைவிட அதிகம் என்பேன். பூண்டுக் கதையைச் சொல்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, கேட்பவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வரும். உப்பைப் பற்றி ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு நீங்கள் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அன்றைக்கே வாங்கிவிடுவார்கள்.

இந்த மாதிரி வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் சரிபார்த்துத் தருவது என் வேலையில் ஒரு பகுதி. மாற்று உப்புக்கு வழக்கமாக வரும் ஸ்கிரிப்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பிபி இருக்கறவங்க எல்லாரும் இன்னைக்கே சாதா உப்பை நிறுத்திட்டு பொட்டாசியம் உப்புக்கு மாறுங்க. 21,000 பேரை வச்சு நடந்த ஆய்வுல பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சிருக்கு. பக்க விளைவே கிடையாது. நாளடைவுல மாத்திரையே தேவைப்படாது."

கடைசியில், இசை ஏறும்போது, "எதுக்கும் உங்க டாக்டரைக் கேட்டுக்குங்க."

இதில் ஆய்வு உண்மை. 2021இல் வெளியானது, சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து ஏறக்குறைய ஐந்து வருடம் நடத்தியது. பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததும் உண்மை. ஆனாலும் அந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றைக்கூட அப்படியே விட முடியாது.

14 சதவீதத்திலிருந்து தொடங்கலாம். வழக்கமான உப்பு சாப்பிட்டவர்களில் 1,000 பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 34 பக்கவாதம் வந்தது, மாற்று உப்பில் 29. அதாவது 1,000 பேர் ஒரு வருடம் மாறியிருந்தால் நாலைந்து பக்கவாதம் குறையும். இது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, ஒரு உப்புப் பொட்டலத்தை மாற்றுவதற்கு இது பெரிய லாபம். ஆனால் 14 சதவீதம் என்று மட்டும் கேட்பவர் உப்பை மாற்றிய நூறு பேரில் பதினாலு பேர் பக்கவாதத்திலிருந்து தப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார், அப்படியில்லை. அதைவிட முக்கியம், அந்த 34 யாருடையது என்பது. ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டி பிபியும் உள்ளவர்கள். சராசரி வயது 65. ஆபத்து அதிகமாக இருப்பவர்களிடம் அளந்த பலன் அது. உங்கள் வீடியோவைப் பார்க்கும் 35 வயதுக்காரருக்கு, வேறு நோயில்லாமல் பிபி மட்டும் எல்லைக் கோட்டில் இருப்பவருக்கு, 1,000 பேரில் வருடத்துக்கு 34 பக்கவாதம் என்ற கணக்கே கிடையாது, அவருக்கு அடிப்படை ஆபத்து அதில் ஒரு சிறு துளிதான், அதில் 14 சதவீதம் என்பது இன்னும் சிறிது. எண்ணைச் சொல்கிறீர்கள் என்றால் அது யாரிடம் அளந்தது என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணே வேண்டாம்.

"மாத்திரையே தேவைப்படாது" என்பதை வெட்டி எறியுங்கள். அந்த ஆய்வில் மேல் அழுத்தம் சராசரியாகக் குறைந்தது 3.3 அளவுதான். ஒரு பிபி மாத்திரை வழக்கமான அளவில் இதைவிட நன்றாகவே அதிகம் குறைக்கும். தவிர, ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிபி மாத்திரையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள், உப்பு அதற்கு மேல் கிடைத்த கூடுதல் லாபம். மாத்திரைக்குப் பதிலாக உப்பு என்று அந்த ஆய்வில் சோதிக்கவே இல்லை. பார்ப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் அது ஸ்கிரிப்டுக்குள் நுழைகிறது. பிபி மாத்திரையைத் தானாக நிறுத்தி, தலைவலிகூட இல்லாமல் ஆறு மாதம் நன்றாக இருந்து, பிறகு ஒரு பக்கம் விழுந்து வருபவரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது "பக்க விளைவே கிடையாது". இதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய வாக்கியம். பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது பலவீனமாக இருந்தால் உப்பு வழியாக வரும் கூடுதல் பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி ஏறும், ஏறுவது வெளியே தெரியாது, வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சிலருக்கு முதல் அறிகுறியே இதயத் துடிப்பு தாறுமாறாவதுதான். அந்த ஆய்வில் பொட்டாசியம் ஏறியதால் வந்த கோளாறுகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. இதை எடுத்துக் காட்டித்தான் பக்க விளைவு இல்லை என்கிறார்கள். ஆனால் கடுமையான சிறுநீரக நோய் இருப்பவர்களையும், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை எடுப்பவர்களையும் ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆபத்துள்ளவர்களை வெளியே வைத்துவிட்டு எடுத்த முடிவை, அந்த ஆபத்துள்ளவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் போய்ப் படிக்கிறோம்.

ஆமாம், உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பிபிக்கு உப்பு என்று தேடி உங்கள் வீடியோவுக்கு வருபவர் யார்? பல வருடமாக பிபி உள்ளவர், பாதிப் பேருக்குச் சர்க்கரையும் கூட இருக்கலாம், அதாவது தனக்கே தெரியாமல் சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்புள்ளவர். அவர் எடுக்கும் மாத்திரையும் பெரும்பாலும் ராமிப்ரில், எனாலபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகையாக இருக்கும். இவையும் உடலில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைப்பவைதான். இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள் உப்பை மாற்றவே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது, தேவையில்லாமல் பயமுறுத்தினால் அவர் உப்பை விட்டுவிட்டு மாத்திரையைச் சந்தேகப்படத் தொடங்குவார். மாறுவதற்கு முன் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

இன்னொன்று, இது மாத்திரை மாதிரி இல்லை, உப்பு. ஒரே பாத்திரத்தில் சமைத்து வீடே சாப்பிடுவது. அப்பாவின் பிபிக்காக மகள் உப்பை மாற்றினால், அதே சாப்பாட்டை டயாலிசிஸில் இருக்கும் பாட்டியும் சாப்பிடுகிறார். அதனால் "உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால்" என்று கேட்பது போதாது, "உங்கள் வீட்டில் யாருக்காவது" என்று கேட்க வேண்டும். ஸ்கிரிப்டில் இந்த ஒரு சொல்லை மாற்றுவதால் கிடைக்கும் பலன் வேறு எதிலும் கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரியவர்கள் சாதா உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த, பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்கிறது, அதுவும் நிபந்தனையுடன் கூடிய பரிந்துரையாக. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், வேறு காரணத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவர்கள் ஆகியோரை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியிருக்கிறது. நீங்கள் வீடியோவில் சார்ந்து நிற்க வேண்டியது இதைத்தான். ஆனால் "உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு விலக்குப் பட்டியலை விட்டுவிட்டால், அவர்கள் சொன்னதை நீங்கள் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். மாற்று உப்பாக இருந்தாலும் மொத்த அளவைக் கூட்டக் கூடாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், "நல்ல உப்பு" என்று பெயர் வைத்தவுடன் கை தாராளமாகிவிடும்.

இப்போது அந்தக் கடைசி வாக்கியம், "எதுக்கும் உங்க டாக்டரைக் கேட்டுக்குங்க". இதைச் சொன்னால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். முதலாவது, அது வரும் இடத்தில் ஆளே இருக்க மாட்டார், எந்த சேனலின் ரிடென்ஷன் வரைபடத்தையும் திறந்து பாருங்கள், கடைசி அரை நிமிடத்தில் கோடு எங்கே கிடக்கிறது என்று. இரண்டாவது, யாரோ உங்கள் வீடியோவிலிருந்து நடுவில் இருபது வினாடியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அதில் அந்த வரி இருக்காது. மூன்றாவது, என்ன கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. "டாக்டரைக் கேளுங்கள்" என்று கேட்டவர் எதையும் கேட்க மாட்டார். "உங்கள் கிரியாட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டைக் காட்டி, நான் இந்த உப்புக்கு மாறலாமா என்று கேளுங்கள்" என்றால் கேட்பார்.

அதனால் நான் ஸ்கிரிப்டைப் பார்க்கும்போது ஒரு சோதனை வைப்பேன்: எந்த இருபது வினாடியைத் தனியாக வெட்டினாலும் அதை மட்டும் பார்த்தவருக்குத் தீங்கு வராமல் இருக்குமா? உங்கள் பூண்டு ஷார்ட்ஸும் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தோற்றிருக்கும். பரிந்துரை ஒரு வாக்கியத்திலும் விலக்கு மூன்று நிமிடம் தள்ளியும் இருந்தால் வெட்டுபவர் முதலாவதைத்தான் எடுப்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவரால் பிரிக்க முடியாது.

அப்படி மாற்றினால் ஸ்கிரிப்ட் இப்படி வரும்:

"உங்க சிறுநீரகம் நல்லா இருக்குன்னு பரிசோதனையில தெரிஞ்சு, வீட்டுலயும் யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லைன்னா, பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறுறது பிபிக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க, பொட்டாசியத்தைத் தேக்குற நீர் மாத்திரை எடுக்கறவங்க, கர்ப்பிணிகள், குழந்தைகள் இருக்கற வீட்டுல டாக்டரைக் கேக்காம மாத்த வேண்டாம், உடம்புல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பையே பாதிக்கும். பக்கவாதம் ஏற்கெனவே வந்தவங்க, 60 வயசுக்கு மேல பிபி இருக்கறவங்ககிட்ட சீனாவுல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. அந்த மாதிரி 1,000 பேருக்கு வருஷத்துக்கு 34 பக்கவாதம் வந்த இடத்துல, உப்பை மாத்தினவங்களுக்கு 29 வந்துச்சு. அவங்கள்ல பெரும்பாலானவங்க பிபி மாத்திரையும் சேர்த்துத்தான் எடுத்தாங்க. அதனால மாத்திரையை நிறுத்தாதீங்க. மாறறதுக்கு முன்னாடி கிரியாட்டினின், பொட்டாசியம் ரெண்டு டெஸ்ட்டையும் எடுத்து டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க."

நீளமாகிவிட்டது, வேகம் குறைகிறது, முதல் வாக்கியமே "ன்னா" என்று நிபந்தனையோடு தொடங்குகிறது, எடிட்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பயத்தையும் ஆர்வத்தையும் இழுக்கும் விஷயம் இதிலேயே இருக்கிறது. "பிபிக்கு நல்லதான இந்த உப்பு யாருக்கு ஆபத்து?" என்று தொடங்கினால் அதுவே நல்ல கொக்கி, பொய்யும் இல்லை. தம்ப்நெயிலிலும் அதையே எழுதலாம். "மாத்திரைக்கு குட்பை" வகைத் தலைப்பை வைத்துவிட்டு உள்ளே நிதானமாகப் பேசுவது வேலைக்காகாது, ஏனென்றால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வீடியோவைத் திறக்காமல் போகிறவர்கள் எப்போதும் அதிகம். சப்டைட்டிலையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள், தானியங்கி எழுத்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிப் போட்டாலும் "வேண்டாம்" என்பதை விழுங்கினாலும் அர்த்தம் தலைகீழாகிவிடும். எண்களையும் விலக்குப் பட்டியலையும் திரையிலும் எழுத்தாகக் காட்டிவிடுங்கள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம்.

பணம். ஒரு மாற்று உப்பு நிறுவனம் இலவசமாகப் பத்துப் பொட்டலம் அனுப்பியிருந்தால்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். யூடியூபில் பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் உள்ளது என்று குறிக்கும் ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் வீடியோவின் தொடக்கத்தில் சில வினாடி அறிவிப்பு தெரியும். அது போதாது, வாயாலும் சொல்லுங்கள், பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன்பே சொல்லுங்கள். டிஸ்கிரிப்ஷனில் கமிஷன் தரும் லிங்க் வைத்தாலும் இதே கதைதான். பல நாடுகளில் மருத்துவர் தன் பட்டத்தைக் காட்டி ஒரு பொருளைப் பரிந்துரைப்பதையே மருத்துவ மன்றம் அனுமதிப்பதில்லை, அங்கே யூடியூப் பெட்டியை டிக் செய்தது உங்களைக் காப்பாற்றாது, விசாரணைக்கு ஆதாரமாகத்தான் பயன்படும். உங்கள் உரிமம் எந்த மன்றத்தில் பதிவாகியிருக்கிறதோ அதன் விளம்பர விதியை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். என்னைக் கேட்டால் உப்பில் பிராண்டே வேண்டாம், பொட்டலத்தின் பின்பக்கம் பொட்டாசியம் குளோரைடு எத்தனை சதவீதம் என்று எங்கே பார்ப்பது என்பதைக் காட்டுங்கள், அது போதும். எல்லாப் பொட்டலமும் 25 சதவீதம் இல்லை, சிலவற்றில் அதைவிட எவ்வளவோ அதிகம், சிலவற்றில் முழுக்க அதுதான். பெயரில் "லோ சோடியம்" என்று மட்டும் இருக்கும்.

வீடியோ வெளியான பின் கமெண்ட்டில் வரப்போவது இதுதான்: "டாக்டர், எனக்கு வயசு 58, கிரியாட்டினின் 1.8, டெல்மிசார்டன் எடுக்கிறேன், இந்த உப்பு சாப்பிடலாமா?" இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் பதில் தெரியும், விரல் துடிக்கும். தெரிந்த பதிலை மறைக்கவும் வேண்டாம், வைத்தியமும் பார்க்க வேண்டாம். "கிரியாட்டினின் இந்த அளவு இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் மாற்று உப்பைத் தொடக்கூடாது என்று வீடியோவில் சொன்ன பிரிவில் வருகிறார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு பொட்டாசியம் பரிசோதனை செய்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள்." பாதுகாப்பான பக்கம் தள்ளும் பொது அறிவுரை இது, அதற்கு மேல் போகாதது. இதே ஆள் "டெல்மிசார்டனை 20க்குக் குறைக்கலாமா" என்று கேட்டால் பதிலே கிடையாது, அவரைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். "மூச்சு வாங்குது, நெஞ்சு படபடக்குது" என்று யாராவது எழுதினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போகச் சொல்லுங்கள், வேறொன்றும் கேட்க வேண்டாம். இந்த மூன்றுக்கும் வாசகங்களை முன்பே எழுதி, கமெண்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயரில் அவர்கள் தங்கள் பாட்டுக்குப் பதில் எழுதுவதுதான் பல சேனல்களில் நடக்கிறது. யூடியூப் விதி உங்கள் கமெண்ட்டுக்கும் டிஸ்கிரிப்ஷனுக்கும் நீங்கள் தரும் லிங்குக்கும் சேர்த்துத்தான் பொருந்துகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

யாராவது "நான் மாறினேன், பிபி 160லிருந்து 120 ஆகிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்" என்று எழுதுவார், அதற்கு நானூறு லைக் விழும். அதற்கு இதயக் குறி போடாதீர்கள், பின் செய்யாதீர்கள், அடுத்த வீடியோவில் படித்துக் காட்டாதீர்கள். அதன் கீழே "மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்" என்று எழுதிவிட்டு உங்கள் பின் செய்த கமெண்ட்டாக விலக்குப் பட்டியலை வையுங்கள்.

கடைசியாக, தேதி. எந்த மாதம் எடுத்த வீடியோ, எந்த வழிகாட்டுதலை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள். 2025 வழிகாட்டுதல் ஒரு நாள் மாறும். அப்போது பதிவேற்றிய வீடியோவின் கோப்பை எடுத்துவிட்டு அதே முகவரியில் புதியதை வைக்க யூடியூபில் வழியில்லை, ஸ்டுடியோவில் உள்ள எடிட்டரில் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். மாறியது வெட்டி எடுக்கக்கூடிய ஒரு வாக்கியம் என்றால் வெட்டிவிட்டு, என்ன எடுத்தீர்கள் என்று பின் செய்த கமெண்ட்டில் எழுதுங்கள். யார் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலே மாறியிருந்தால் பழையதைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி எடுங்கள், எத்தனை லட்சம் வியூஸ் இருந்தாலும் சரி.